பழுப்பரிசியா வெள்ளையரிசியா: எலக்ட்ரிக் குக்கரின் தண்ணீர்க் கணக்கு

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அடுத்த வாரமே ஒரு கிலோ பழுப்பரிசி வந்துவிடுகிறது. கூடவே குழப்பமும் வருகிறது. பாக்கெட்டில் ஒன்றுக்கு இரண்டரை என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒன்றுக்கு மூன்று என்கிறார்கள். இணையத்தில் ஒன்றுக்கு ஒன்றரை. மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஒரு நாள் நடுவில் நறுக்கென்று இருக்கிறது, மறுநாள் கூழாகிறது. பிறகு அந்தப் பாக்கெட் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

வெள்ளையரிசியிலேயே இருப்பதா, பழுப்பரிசிக்கு மாறுவதா, இரண்டையும் வைத்துக்கொள்வதா என்று நிற்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. சத்துக் கணக்கு இங்கே இல்லை. அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். எலக்ட்ரிக் குக்கரில் எது எவ்வளவு தண்ணீர் கேட்கும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது மட்டும்தான் பேச்சு. சென்னை வீடுகளில் அதிகம் இருக்கும் 1.8 லிட்டர், 700 வாட், கண்ணாடி மூடி, ஒற்றைச் சுவிட்ச் குக்கரை வைத்துத்தான் எல்லா அளவும் சொல்லப்பட்டிருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும். முதலாவது தண்ணீர். இரண்டாவது, அரிசியைக் கழுவியது முதல் தட்டில் விழும் வரை ஆகும் முழு நேரம். ஊறுவதும் சுவிட்ச் விழுந்தபின் அடங்குவதும் இதில் சேரும். மூன்றாவது, கணக்குத் தப்பினால் அன்றைக்கே சரிசெய்ய முடியுமா என்பது. நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. கரண்ட் பில்தான் அந்தச் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். அது அங்கே இல்லை.

இவற்றுக்குள் போகும் முன் குக்கர் எப்படி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த விகிதத்தையும் மனப்பாடம் செய்யாமல் இருக்க அது ஒன்றே வழி.

## குக்கருக்கு மணி பார்க்கத் தெரியாது

உள்பாத்திரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், சூடாகும் தட்டின் நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் ஒரு வட்டப் பொத்தான் தெரியும். அதற்குள் காந்தம் இருக்கிறது. சுவிட்சை அழுத்தும்போது அந்தக் காந்தம் மேலே உள்ள உலோகத் துண்டைப் பிடித்துக்கொள்கிறது. பாத்திரத்தின் அடிப்பக்கம் 100 டிகிரியைத் தாண்டி ஏறக்குறைய 103 டிகிரி வரும்போது அந்த உலோகத் துண்டு தன் காந்தத் தன்மையை இழக்கிறது. பிடி விடுகிறது, ஸ்பிரிங் தள்ளுகிறது, 'டக்'கென்று சுவிட்ச் வார்முக்குப் போகிறது.

பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று இருக்கும்வரை அடிப்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றினால்தான் சூடு ஏறும். ஆக, குக்கர் பார்ப்பது தண்ணீர் வற்றிவிட்டதா என்பதை மட்டும்தான். அரிசி வெந்ததா என்று அதற்குத் தெரியாது. எத்தனை நிமிடம் வேகவேண்டும் என்பதை நாம் ஊற்றும் தண்ணீரின் மூலமாகத்தான் அதற்குச் சொல்ல முடியும்.

அதனால் ஊற்றும் தண்ணீரை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, அரிசி குடிக்கும் தண்ணீர். இது அரிசியின் அளவோடு கூடும், குறையும். இன்னொன்று, கொதிக்கும்போது மூடித் துளை வழியாக ஆவியாகப் போகும் தண்ணீர். இதற்கும் அரிசியின் அளவுக்கும் சம்பந்தமில்லை. எத்தனை நிமிடம் கொதிக்கிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கும்.

700 வாட் முழுவதும் ஆவியாக்குவதற்கே போனால் நிமிடத்துக்கு 18 மில்லிக்குச் சற்று மேல் தண்ணீர் போகும். ஆனால் கொஞ்சம் சூடு பக்கவாட்டில் வீணாகிறது. ஆவியில் கொஞ்சம் மூடியில் பட்டு நீராகித் திரும்ப விழுகிறது. இவை போக நடைமுறையில் நிமிடத்துக்குச் சுமார் 12 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். குக்கரோடு வரும் அளவுக் கப் 180 மில்லி. அதாவது கால் மணி நேரக் கொதிப்புக்கு ஒரு கப் தண்ணீர் ஆவியாகும். இந்த ஒரு எண் கையில் இருந்தால் மீதியெல்லாம் கூட்டல்தான்.

உங்கள் குக்கர் இதே அளவில்தான் ஆவியை விடுகிறதா என்று ஒரு முறை சோதித்துக்கொள்ளலாம். அரிசி போடாமல் ஐந்து கப் தண்ணீர் மட்டும் ஊற்றி மூடி, நன்றாகக் கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து 30 நிமிடம் விட்டு, அணைத்து ஆறவைத்து, மிச்சத்தை அளந்து பாருங்கள். மூன்று கப் இருந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே உங்களுக்குப் பொருந்தும். மூன்றரை இருந்தால் உங்கள் குக்கர் ஆவியைக் குறைவாக விடுகிறது. கீழே 'ஆவிக்கு' என்று வரும் அளவுகளில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். பெட்டி போல மூடி அழுந்திப் பூட்டிக்கொள்ளும் ஜார் வகைக் குக்கர்களில் ஆவி இன்னும் குறைவாகவே போகும்.

## வெள்ளையரிசி: முதலில் பச்சையா புழுங்கலா என்று கேளுங்கள்

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் வெள்ளையரிசி என்றால் அது பச்சரிசி. சென்னையில் அப்படியில்லை. இங்கே மளிகைக் கடையில் 25 கிலோ சிப்பமாக வாங்கும் பொன்னி பெரும்பாலும் புழுங்கலாகவோ ஸ்டீம் அரிசியாகவோ இருக்கும். நெல்லாக இருக்கும்போதே ஆவி காட்டி உலர்த்தியது. அந்தச் சூட்டில் உள்ளே உள்ள மாவுச்சத்து ஒருமுறை இளகித் திரும்ப இறுகியிருப்பதால் அரிசி கெட்டிப்பட்டிருக்கும். வேக அதிக நேரம் எடுக்கும், ஆனால் உடையாமல் நிறையத் தண்ணீரைக் குடிக்கும்.

பச்சரிசி, உதாரணத்துக்குச் சோனா மசூரி, கப்புக்கு ஒன்றரைக் கப் குடிக்கும். கால் மணி நேரம் கொதித்தால் போதும். ஆகவே ஆவிக்கு ஒரு கப். இரண்டு கப் அரிசிக்கு மூன்றும் ஒன்றும் நான்கு. எல்லோரும் சொல்லும் 'ஒன்றுக்கு இரண்டு' இப்படித்தான் வந்தது. கொதிநிலை வர எட்டு, ஒன்பது நிமிடம், அதன்பின் கால் மணி நேரம். 25 நிமிடத்துக்குள் சுவிட்ச் விழும். பத்து நிமிடம் மூடியபடி விட்டால் பதம் சேரும்.

புழுங்கலரிசி கப்புக்கு ஒன்றே முக்கால் குடிக்கும். அரை மணி நேரம் கொதிக்க வேண்டும், ஆவிக்கு இரண்டு கப். இரண்டு கப் அரிசிக்கு ஐந்தரைக் கப் தண்ணீர், சுவிட்ச் விழ 40 நிமிடம். பச்சரிசிக்குப் பழகியவர்கள் புழுங்கலுக்கும் ஒன்றுக்கு இரண்டு ஊற்றிவிட்டு, அரிசி சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான்.

மறைமுகச் செலவு என்று வெள்ளையரிசியில் பெரிதாக எதுவுமில்லை. ஒன்றைச் சொல்லலாம்: புது அரிசி, பழைய அரிசி வித்தியாசம். பொங்கலை ஒட்டி வரும் புது அரிசி குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் குழையும். கப்புக்குக் கால் கப் குறைத்து ஊற்றிப் பார்க்க வேண்டும். புதுச் சிப்பம் பிரித்த முதல் நாள் சோறு குழைந்தால் உங்கள் கைமேல் குற்றமில்லை.

கணக்குத் தப்பினால் வெள்ளையரிசி மன்னிக்கும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் குழைவாக வரும், தயிர்சாதத்துக்கு ஆகும். குறைந்தால் கால் கப் கொதிநீர் தெளித்து மூடி வைத்தாலே பச்சரிசி சரியாகிவிடும்.

## பழுப்பரிசி: குடிப்பது அதே அளவு, கொதிப்பதுதான் இரட்டிப்பு

நெல்லின் உமியை மட்டும் நீக்கி, தவிட்டுத் தோலையும் முளையையும் விட்டுவைத்ததுதான் பழுப்பரிசி. உள்ளே இருப்பது அதே மாவுச்சத்து. அதனால் இரண்டு மணி நேரம் ஊறவைத்த பச்சைப் பழுப்பரிசி குடிக்கும் தண்ணீரும் பச்சரிசியைப் போலவே கப்புக்கு ஒன்றரைதான். வித்தியாசம் தோலில் இருக்கிறது. தவிட்டில் எண்ணெயும் நாரும் உண்டு. தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போக நேரம் பிடிக்கிறது. ஊறவைத்தபின்னும் அரை மணி நேரம் கொதித்தால்தான் நடு வேகும். ஆகவே ஆவிக்கு இரண்டு கப்.

இரண்டு கப் பழுப்பரிசிக்கு மூன்றும் இரண்டும் ஐந்து. அதாவது ஒன்றுக்கு இரண்டரை. பாக்கெட்டில் போட்டிருப்பது இதுதான். ஆனால் அந்த விகிதம் இரண்டு கப்புக்கு மட்டுமே சரி. தனியாக இருப்பவர் ஒரு கப் வைத்தால் ஒன்றரையும் இரண்டும் மூன்றரைக் கப் வேண்டும். பாக்கெட்டை நம்பி இரண்டரை ஊற்றினால் கால் மணி நேரக் கொதிப்பிலேயே தண்ணீர் வற்றிச் சுவிட்ச் விழுந்துவிடும், சோறு நறுக்கென்று இருக்கும். நான்கு கப் வைத்தால் ஆறும் இரண்டும் எட்டு போதும். அங்கே இரண்டரை மடங்காகப் பத்துக் கப் ஊற்றினால் ஒரு மணி நேரம் கொதித்துக் குழையும். பக்கத்து வீட்டுக்காரரும் பாக்கெட்டும் வேறு வேறு எண் சொல்வது இந்த இடத்தில்தான். இருவரும் பொய் சொல்லவில்லை. வைத்த அளவு வேறு.

ஊறவைக்காமல் வைக்கலாமா? வைக்கலாம். முக்கால் மணி நேரம் கொதிக்க வேண்டும், ஆவிக்கு மூன்று கப், இரண்டு கப் அரிசிக்கு மொத்தம் ஆறு கப். ஆனால் வெளித்தோல் பிளந்து மேல்பகுதி கூழாகவும் நடுப்பகுதி விறைப்பாகவும் வர வாய்ப்பு அதிகம். அவ்வளவு தண்ணீர் பொங்கி வழிந்து கடப்பைக் கல்லெல்லாம் கஞ்சியாகவும் ஆகும். ஊறவைப்பதால் ஒரு கப் தண்ணீரும் கால் மணி நேரமும் மிச்சம்.

அளவில் ஒரு சிறு எச்சரிக்கை. ஊறிய அரிசி ஏற்கனவே கொஞ்சம் தண்ணீரைக் குடித்திருக்கும். அதற்காக மேலே சொன்ன அளவைக் குறைக்க வேண்டாம். ஊறிய தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, காய்ந்த அரிசியை எந்தக் கப்பால் அளந்தீர்களோ அதே கப்பால் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். அரிசியை டம்ளரில் அளந்து தண்ணீரைக் குக்கர் கப்பில் அளப்பது நிறையப் பேர் செய்யும் தவறு. வீட்டு டம்ளர் பெரும்பாலும் 180 மில்லியைவிடப் பெரியது. பாத்திரத்தின் உள்சுவரில் போட்டிருக்கும் கோடுகளும் வெள்ளையரிசிக்கானவை, பழுப்பரிசிக்கு அவற்றைப் பார்க்க வேண்டாம்.

சுவிட்ச் விழ 40 நிமிடம், அதன்பின் 20 நிமிடம் மூடியைத் திறக்கக்கூடாது. இந்த 20 நிமிடத்தைப் பழுப்பரிசியில் விட்டுக்கொடுக்க முடியாது. மேல்பரப்பில் நிற்கும் ஈரம் நடுவுக்கு இறங்குவது அப்போதுதான். வெந்ததற்கு அடையாளம்: பருக்கையின் தோல் நீளவாக்கில் லேசாகப் பிளந்திருக்கும். விரலிடுக்கில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக்கூடாது.

இப்போது மறைமுகச் செலவு. கரண்ட்டை முதலில் கணக்கிட்டுவிடலாம். 700 வாட்டில் 25 நிமிடம் ஓடினால் 0.29 யூனிட், 40 நிமிடம் ஓடினால் 0.47 யூனிட். தினமும் ஒருவேளை வைத்தாலும் மாதத்துக்கு ஐந்து, ஆறு யூனிட்தான் வித்தியாசம். புழுங்கலில் இருந்து மாறுபவருக்கு அதுவும் இல்லை.

உண்மையான செலவு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, முன்யோசனை. இரண்டு மணி நேரம் முன்பே நினைவு வரவேண்டும். இரவே ஊறப்போட்டுவிடலாம் என்றால் சென்னைப் புழுக்கத்தில், அதுவும் ஏப்ரல் மே மாதத்தில், எட்டு மணி நேரத்தில் தண்ணீர் நுரைத்துப் புளிப்பு வாடை வந்துவிடும். வெளியே வைத்தால் மூன்று, நான்கு மணி நேரம்தான். அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜ்.

இன்னொன்று, இருப்பு. தவிட்டில் உள்ள எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், வெந்தபிறகு நாக்கில் லேசாகக் கசக்கும். வண்டும் பழுப்பரிசியைத்தான் முதலில் தேடி வரும். விலை குறைகிறதே என்று பத்துக் கிலோ வாங்கி வைப்பது நஷ்டம். ஒரு கிலோ, இரண்டு கிலோவாக வாங்கி, இடமிருந்தால் ஃபிரிட்ஜில் வைப்பதே சரி.

## பக்கத்தில் பக்கத்தில்

கீழே உள்ளது 180 மில்லிக் கப் அளவு. ஒரு கப் அரிசி ஏறக்குறைய 150 கிராம்.

| | பச்சரிசி | வெள்ளைப் புழுங்கல் | பச்சைப் பழுப்பரிசி (2 மணி நேரம் ஊறியது) |
|---|---|---|---|
| ஒரு கப் அரிசி குடிப்பது | 1½ கப் | 1¾ கப் | 1½ கப் |
| ஆவிக்கு (எத்தனை கப் அரிசி வைத்தாலும்) | 1 கப் | 2 கப் | 2 கப் |
| 1 கப் அரிசிக்குத் தண்ணீர் | 2½ | 3¾ | 3½ |
| 2 கப் அரிசிக்குத் தண்ணீர் | 4 | 5½ | 5 |
| 4 கப் அரிசிக்குத் தண்ணீர் | 7 | 9 | 8 |
| சுவிட்ச் விழ (2 கப்புக்கு) | 25 நிமிடம் | 40 நிமிடம் | 40 நிமிடம் |
| மூடியபடி அடங்க | 10 நிமிடம் | 10 நிமிடம் | 20 நிமிடம் |
| இருப்பு | மாதக்கணக்கில் | மாதக்கணக்கில் | கொஞ்சமாக வாங்க வேண்டும் |

புழுங்கலின் நிரலையும் பழுப்பரிசியின் நிரலையும் சேர்த்துப் பாருங்கள். தினமும் புழுங்கல் பொன்னி சாப்பிடும் வீட்டுக்குப் பழுப்பரிசி அடுப்பில் புதிதாகக் கேட்பது எதுவுமில்லை. ஊறவைப்பதும் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பதும்தான். பச்சரிசி வீட்டுக்குத்தான் இது பெரிய மாற்றம்.

## பையில் 'பிரவுன்' என்று இருந்தால் மட்டும் போதாது

கைக்குத்தல் என்ற பெயரில் விற்பதில் பாதி தீட்டியது, ஒருமுறை தீட்டியது, தீட்டாதது என்று எல்லாம் கலந்து வருகிறது. ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். பருக்கையின் ஒரு முனையில் முளை ஒட்டியிருந்தால் அது தீட்டாதது. அந்த இடத்தில் சிறு பள்ளம் இருந்தால், தோலும் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தால், பாதி தீட்டியது. அதற்கு ஆவிக்கு ஒன்றரைக் கப் போதும், ஒரு மணி நேரம் ஊறினால் போதும். பருக்கை கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்து பல்லில் கடித்தால் கடினமாக இருந்தால் அது புழுங்கல் பழுப்பரிசி. அதற்குக் குடிக்கும் அளவைக் கப்புக்கு ஒன்றே முக்கால் ஆக்கி, ஆவிக்கு இரண்டரை கொடுங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தோல் இன்னும் தடிப்பு. இரவு முழுக்க ஊறினாலும் ஒற்றைச் சுவிட்ச் குக்கர் அவற்றுக்குப் பொருத்தமில்லை. விசில் குக்கருக்கே போய்விடுங்கள்.

## யாருக்கு எது

காலை ஏழரைக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய வீட்டை எடுத்துக்கொள்வோம். பச்சரிசி என்றால் 6:35க்குக் கழுவி வைத்தாலும் 7 மணிக்குச் சுவிட்ச் விழும், 7:10க்குச் சோறு தயார். பழுப்பரிசி என்றால் முதல் நாள் இரவு கழுவித் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரை வடித்து, குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஐந்து கப் ஊற்றி 6:05க்குப் போட்டால் 6:47 வாக்கில் சுவிட்ச் விழும். அரிசி குளிர்ந்திருப்பதால் ஓரிரு நிமிடம் கூடும். 7:07க்குத் திறக்கலாம். ஆக அரை மணி நேரம் முன்னதாக எழுந்து ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். இரவில் ஊறப்போட மறந்தால் அன்றைக்குப் பழுப்பரிசி இல்லை என்று முடிவெடுத்துப் பச்சரிசிக்குப் போவதே நல்லது.

ரசம், தயிர் என்று பிசைந்து சாப்பிடும் வீட்டுக்கு வெள்ளையரிசி பொருத்தம். பழுப்பரிசி பிசையப் பிசைய விலகி நிற்கும். அதே குணத்தால் எலுமிச்சை சாதம், புளியோதரை, காய்கறி போட்ட சாதம் எல்லாவற்றுக்கும் பழுப்பரிசி பொலபொலவென்று வரும். வீட்டில் குழந்தைகளோ பல் சரியில்லாத பெரியவர்களோ இருந்தால் பழுப்பரிசியை அவர்கள் தட்டில் திணிக்காமல் இருப்பது புண்ணியம்.

விடுதியிலோ தனி அறையிலோ சிறிய குக்கரில் ஒரு கப் மட்டும் வைப்பவர்களுக்குப் பழுப்பரிசி கொஞ்சம் சங்கடம். குறைந்த அளவில் ஆவித் தண்ணீரின் பங்கு கூடுவதால், ஒரு கப்புக்கு மூன்றரைக் கப் தண்ணீர் சிறிய பாத்திரத்தில் பொங்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வராதபடி அரைக் கப் அரிசியாக வைக்கவும், அல்லது இரண்டு நாளைக்குச் சேர்த்து யாராவது ஒருவரின் பெரிய குக்கரில் வைத்து ஃபிரிட்ஜில் போடவும்.

## இரண்டும் ஒரே குக்கரில் வேண்டுமென்றால்

பாதிப் பேர் பழுப்பு, பாதிப் பேர் வெள்ளை என்றிருக்கும் வீட்டில் இரண்டையும் கலந்து வைக்கப் பார்க்கிறார்கள். சோனா மசூரியையும் பழுப்பரிசியையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும்போதுதான் மற்றது வேகத் தொடங்கும். கொதிப்பு நேரம் ஒன்றாக உள்ளவற்றைத்தான் சேர்க்க வேண்டும். ஊறிய பழுப்பரிசி ஒரு கப், வெள்ளைப் புழுங்கல் ஒரு கப்: ஒன்றரை, ஒன்றே முக்கால், ஆவிக்கு இரண்டு, மொத்தம் ஐந்தே கால் கப். இரண்டும் ஒரே நேரத்தில் வேகும்.

பச்சரிசிதான் இருக்கிறது என்றால், அதிலும் ஒவ்வொன்றும் ஒரு கப் என்று வைத்து, ஊறிய பழுப்பரிசியை மட்டும் முதலில் போட்டு, மொத்தத் தண்ணீர் ஐந்து கப்பையும் அப்போதே ஊற்றிவிடுங்கள். கொதி வந்து கால் மணி நேரம் ஆனதும் மூடியைத் திறந்து, கழுவி வைத்த பச்சரிசியைப் போட்டு ஒருமுறை கிளறி உடனே மூடிவிடுங்கள். மிச்சமிருக்கும் கால் மணி நேரம் அதற்குச் சரியாக இருக்கும்.

## தப்பிப்போகும் இடங்கள்

சுவிட்ச் விழுந்தும் பழுப்பரிசி நறுக்கென்று இருக்கிறது என்றால் கொதித்த நேரம் போதவில்லை. அரைக் கப் தண்ணீரைக் கொதிக்க வைத்து மேலே பரவலாக ஊற்றி மூடுங்கள். உடனே சுவிட்சைத் தட்டினால் அது நிற்காமல் திரும்ப விழும். நடுப்பொத்தான் இன்னும் சூடாக இருப்பதால் காந்தம் பிடிக்காது. ஐந்திலிருந்து பத்து நிமிடம் பொறுத்துத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். ஸ்பூனைச் செருகியோ ரப்பர் பேண்ட் போட்டோ சுவிட்சை இழுத்துப் பிடிக்க வைப்பது ஆபத்து. அடி தீயும், குக்கரின் உள்வயரும் சேர்ந்து போகும்.

தண்ணீர் சரியாக ஊற்றியும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே சுவிட்ச் விழுந்தால் அரிசியைக் கழுவியது போதவில்லையா என்று பாருங்கள். மாவு அடியில் படிந்து பசையாகி இறுகும். மேலே தண்ணீர் இருக்கும்போதே அந்தப் பசைக்குக் கீழே சூடு ஏறிப் பொத்தான் ஏமாந்துவிடும். பச்சரிசியில்தான் இது அதிகம். பாத்திரத்துக்கும் தட்டுக்கும் இடையே ஒரு பருக்கை சிக்கியிருந்தாலும் சுவிட்ச் முன்னே பின்னே விழும். ஒவ்வொரு முறையும் பாத்திரத்தின் வெளி அடியைத் துணியால் துடைத்து வைப்பது அதற்காகத்தான்.

கோடைச் சாயங்காலங்களில் வோல்டேஜ் இறங்கும்போது நேரம் கூடுவதைப் பார்த்துத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். 230 வோல்டில் 700 வாட் எடுக்கும் குக்கர் 200 வோல்டில் ஏறக்குறைய 530 வாட்தான் எடுக்கும். கொதிப்பு மெதுவாக நடக்கும், ஆவியும் மெதுவாகப் போகும், சுவிட்ச் விழ பத்து நிமிடத்துக்கு மேல் கூடும். அரிசி வேகாமல் போகாது. பழுப்பரிசிக்கு அந்த மந்தக் கொதிப்பு நல்லதும்கூட. பச்சரிசி மட்டும் சற்றுக் குழையலாம்.

பொங்கி வழிந்தால் அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் நுரையை அடக்கும். அப்போதும் அடங்கவில்லை என்றால் பாத்திரத்துக்கு அளவு அதிகம் என்று பொருள். அரிசியைத்தான் குறைக்க வேண்டும். தண்ணீரை மட்டும் குறைத்தால் கொதிப்பு நேரம் குறைந்து பழையபடி நறுக்குச் சோற்றில் வந்து நிற்கும்.

வார்மில் விட்ட சோறு நான்கு, ஐந்து மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். பழுப்பரிசிச் சோறு அதற்கு மேல் அடியில் காய்ந்து தவிட்டு வாடை தூக்கலாகிவிடும். மீந்ததை அணைத்த குக்கரிலேயே இரவு முழுக்க விடாமல், தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஒரு கப் சோற்றுக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடிச் சூடுபடுத்தினால் விறைப்பு போய்விடும்.